ஓசூர்: 9 லட்சத்துக்குப் பழைய சிஎன்சியா, 24 லட்சத்துக்குப் புதுசா? அப்பா கணக்கும் என்பிவி கணக்கும் ஒத்துவரவில்லை

தளிரோடு_லேத்

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் தளி ரோட்டில் எங்களுக்குச் சின்ன ஒர்க்‌ஷாப். இரண்டு பழைய லேத், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு சிஎன்சி. வண்டி பாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு புஷ், பின், ஸ்பேசர் கடைந்து கொடுக்கிறோம். இருக்கும் சிஎன்சி இரண்டு ஷிஃப்டும் நிரம்பிவிட்டது. இப்போது அதே கம்பெனி இன்னொரு பாகம் தருகிறது, மூன்று வருஷத்துக்கு. இன்னொரு மெஷின் இல்லாமல் முடியாது.

கையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய சிஎன்சி 9 லட்சம். இன்னும் நாலு வருஷம் ஓடும், அப்புறம் விற்றால் 1 லட்சம் வரும். இன்னொன்று, புது மெஷின் 24 லட்சம். ஒன்பது வருஷம் ஓட்டலாம், கடைசியில் 4 லட்சம் வரும் என்று வைத்திருக்கிறேன். புதுசுக்கு 18 லட்சம் பேங்க் கடன், 11 சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு, மீதி 6 லட்சம் கைப்பணம். ஜிஎஸ்டியை நான் எதிலும் சேர்க்கவில்லை.

புது மெஷினுக்கு மாதக் கணக்கு: 300 மணி நேரம், மணிக்கு 320 ரூபாய், மொத்தம் 96,000. இப்போது இருக்கும் ஆபரேட்டர்களே இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கூடுதல் சம்பளமும் லோடிங்குக்கு வைக்கும் ஆளும் சேர்த்து 20,000. கரண்ட் 14,000. இன்சர்ட், கூலன்ட், ஆயில், ரிப்பேர் எல்லாம் 8,000. மீதி 54,000, அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 6.5 லட்சம். பழைய மெஷின் அடிக்கடி நிற்கும் என்பதால் 220 மணி நேரம்தான் போட்டேன். அதில் மீதி மாதம் 30,000, வருஷம் 3.6 லட்சம்.

அப்பாவின் கணக்கு ஒன்றுதான்: போட்ட காசு மூன்று வருஷத்தில் திரும்ப வேண்டும். பழசு இரண்டரை வருஷத்தில் திரும்பிவிடுகிறது. புதுசுக்கு மூன்றே முக்கால் வருஷம் ஆகிறது. அதனால் அவர் பழசு என்கிறார். கணக்கு எழுதுபவர் ஒரு தாளில் புது மெஷினுக்கு முதல் வருஷ லாபம் 1.06 லட்சம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படிப் பார்த்தால் 24 லட்சம் திரும்ப 22 வருஷம் ஆகும். அதைப் பார்த்த பிறகு அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

நான் எக்செல்லில் 14 சதவீதம் போட்டு என்பிவி பார்த்தேன், அதாவது இனி வரும் வரவையெல்லாம் அந்த சதவீதத்தில் கழிவு செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து மெஷின் விலையைக் கழிப்பது. பழசு 1.83 லட்சம், புதுசு 8.23 லட்சம். மூன்று கணக்கும் மூன்று திசையில் போகிறது. எதை நம்புவது?

சூளகிரி_செல்வம்

தம்பி, உங்க அப்பா சொல்றதுதான் சரி. இருபது வருஷமா ஷாப் நடத்துறேன். மூணு வருஷத்துக்கு மேல என்ன நடக்கும்னு இந்தத் தொழில்ல யாருக்கும் தெரியாது. ட்ராயிங் மாறும், மாடல் நின்னு போகும், பர்சேஸ்ல ஆள் மாறுவாங்க. ஒன்பதாவது வருஷம் 6.5 லட்சம் வரும்னு எக்செல்ல எழுதிட்டா வந்துருமா? பழசு வாங்குங்க, நாலு வருஷம் ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.

அரூர்_எம்பிஏ

செல்வம் அண்ணா, போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று பார்க்கும் இந்த பேபேக்கில் இரண்டு பெரிய ஓட்டை இருக்கிறது. போட்ட காசு வந்த பிறகு மெஷின் எத்தனை வருஷம் சம்பாதிக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. முதல் வருஷம் வரும் ரூபாயும் மூன்றாம் வருஷம் வரும் ரூபாயும் அதற்கு ஒன்றுதான். என்பிவி பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வாங்கலாம், இரண்டில் எது அதிகமோ அதை எடுக்கலாம். 8.23 எங்கே, 1.83 எங்கே? இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 14 சதவீதம்கூட அதிகம். பேங்க் 11 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தால் 11 போட்டால் போதும்.

காஸ்ட்ஷீட்_தருமபுரி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் காஸ்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி கொடுத்த எண்களைத் தாளில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் அந்த 1.06 லட்சம். கணக்கு எழுதுபவர் 6.5 லட்சத்திலிருந்து 15 சதவீதத் தேய்மானமாக 3.6 லட்சத்தைக் கழித்திருப்பார். 18 லட்சம் கடனுக்கு முதல் வருஷ வட்டி 1.84 லட்சத்தையும் கழித்திருப்பார். மீதி 1.06. வருமான வரிக்கு அந்தத் தாள் சரியானதுதான். மெஷின் வாங்கலாமா என்று பார்க்க அது உதவாது. தேய்மானம் என்று யாருக்கும் நாம் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. 24 லட்சத்தை முதலிலேயே செலவாக எழுதிவிட்டோம். அதையே வருஷா வருஷம் தேய்மானமாகவும் கழித்தால் ஒரே மெஷினுக்கு இரண்டு முறை பணம் கட்டியதாகிறது. தேய்மானத்தால் வரி குறையும், ரொக்கத்தில் அதன் வேலை அவ்வளவுதான். வட்டியும் அப்படியே. 14 சதவீதத்தில் கழிவு செய்யும்போதே வட்டி உள்ளே வந்துவிட்டது. இதை உங்கள் அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். அந்த 22 வருஷம் அவர் மனதிலிருந்து போகட்டும்.

இரண்டாவது, உங்கள் எக்செல்லிலும் ஒரு தவறு இருக்கிறது. 24 லட்சத்தையும் அதே ரேஞ்சுக்குள் சேர்த்துவிட்டீர்களா?

தளிரோடு_லேத்

ஆமாம் சார். C2-வில் -2400000, அதன் கீழே C11 வரை வரவு. இப்படித்தான் போட்டேன்:

```
=NPV(14%, C2:C11)
```

காஸ்ட்ஷீட்_தருமபுரி

அதுதான். அந்த ஃபங்ஷன் முதல் கட்டத்தில் இருக்கும் தொகை ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் இன்றைக்குக் கொடுக்கும் 24 லட்சத்தை அடுத்த வருஷம் கொடுப்பதாக அது நினைத்து, எல்லாவற்றையும் ஒரு வருஷம் தள்ளிவிட்டது. இப்படிப் போடுங்கள்:

```
=NPV(14%, C3:C11) + C2
```

புதுசு 9.38 லட்சம் வரும். பழசுக்கும் இதே மாதிரி மாற்றினால் 2.08 லட்சம். இந்தத் தவறால் விடை கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறாது. ஆனால் கடைசியில் விளிம்பில் நிற்கும் கணக்கில் தொகை தவறாக இருந்தால் பேச்சே தவறாகிவிடும்.

அரூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. 9.38-ஐயும் 2.08-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒன்று ஒன்பது வருஷத்துக் கணக்கு, இன்னொன்று நாலு வருஷத்துக் கணக்கு. பழசு தேய்ந்த பிறகு இவர் கடையை மூடப்போவதில்லை, இன்னொன்று வாங்குவார். ஆகவே வருஷத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பழசு வருஷத்துக்கு 71,000 ரூபாய், புதுசு 1.90 லட்சம். இப்போதும் புதுசுதான் மேலே இருக்கிறது, ஆனால் நாலரை மடங்கு இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே என்று இறங்கிவிட்டது.

அரூர்_எம்பிஏ

அது சரி சார், அந்த இடத்தை நான் கவனிக்கவில்லை. ஆனால் 11-க்குப் பதில் 14 எதற்கு என்று இன்னும் புரியவில்லை. பேங்க் வட்டிதானே இவருக்கு ஆகும் செலவு?

காஸ்ட்ஷீட்_தருமபுரி

24-ல் 18 லட்சம்தான் பேங்க் பணம். மீதி 6 லட்சம் இவர்கள் கைப்பணம். அந்த 6 லட்சம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக பாகம் கடைய ராடு வாங்குவதில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுத்து மெஷினில் போட்டால், ராடு வாங்க வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் நடப்பு அதுதானே. மாதம் இரண்டு என்றால் வருஷம் 24 சதவீதம். முக்கால் பங்குக்கு 11, கால் பங்குக்கு 24 என்று சேர்த்தால் 14-க்குச் சற்று மேலே வரும். தம்பி எப்படிப் போட்டாரோ தெரியாது, 14 பொருத்தமான எண்தான்.

தளிரோடு_லேத்

உண்மையைச் சொன்னால் யாரோ ஒருவர் வீடியோவில் 14 போட்டிருந்தார், அதையே போட்டேன். ஆனால் கைப்பணம் 6 லட்சம் ராடில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது அப்படியே சரி.

கன்ட்ரோல்_பேனல்

புது மெஷின் எந்த கன்ட்ரோலர்? டரட் எத்தனை ஸ்டேஷன்? பார் ஃபீடர் சேர்த்து 24-ஆ? அதைச் சொன்னால்தான் நல்ல மெஷினா என்று சொல்ல முடியும்.

தளிரோடு_லேத்

அண்ணா, மெஷின் எது என்று முடிவாகிவிட்டது, பார் ஃபீடர் இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

மாங்கூழ்_பர்கூர்

தம்பி, நான் மாங்கூழ் ஃபேக்டரி நடத்துகிறேன், உங்கள் தொழில் எனக்குத் தெரியாது. என் கதையைச் சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கூழ் எடுக்கும் பல்பர் ஒன்று வாங்கினோம். கணக்கு எழுதும்போது வருஷ வரவைப் பன்னிரண்டால் வகுத்து, மாத இஎம்ஐயைவிட அதிகம் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டோம். பெங்களூரா காய் மே மாதக் கடைசியில் வரத் தொடங்கினால் ஜூலையோடு முடிந்துவிடும். அந்த இரண்டு மாதத்தில் மண்டிக்குக் கைக்காசு கொடுத்துக் காய் எடுத்துவிட வேண்டும். டிரம்மில் அடைத்த கூழ் விற்றுப் பணம் கைக்கு வர அடுத்த மார்ச் ஆகும். இஎம்ஐ மட்டும் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதி வந்து நின்றது. வருஷக் கணக்கில் லாபம்தான், ஆனால் அந்த செப்டம்பரில் என் வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

மானியமும் அப்படித்தான். நாங்கள் 6 லட்சம் வரும் என்று முதல் நாளே விலையில் கழித்துக்கொண்டோம். கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. நீங்களும் மானியம் எதிர்பார்த்தால் அதை வரும் வருஷத்தில் எழுதுங்கள். உங்களுக்கும் சீசன் உண்டுதானே?

தளிரோடு_லேத்

அக்கா, எங்களுக்கு மாம்பழம் மாதிரி சீசன் இல்லை, மாதா மாதம் வேலை இருக்கும். ஆனால் பில் போட்டால் பணம் வர 90 நாள் ஆகிறது. மானியத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நான் அதைக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

காஸ்ட்ஷீட்_தருமபுரி

அம்மா சொன்னது இந்தத் தொழிலுக்கும் பொருந்தும். 90 நாள் என்றால் 96,000 ரூபாய் பில் எந்த நேரத்திலும் மூன்று வெளியில் நிற்கும், 2.88 லட்சம். முதல் வருஷ வரவு அந்த அளவுக்குக் குறையும், மெஷினை நிறுத்தும்போதுதான் திரும்ப வரும். ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பும் 2.88 லட்சம் இன்றைய மதிப்பில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இதைச் சேர்த்தால் 9.38 என்பது 7.74 ஆகிவிடும். சட்டப்படி சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கடைக்காரர் அவர்மேல் புகார் கொடுக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

மானியத்தைப் பொறுத்தவரை, இரண்டு வருஷம் கழித்து வரும் 6 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 4.6 லட்சம்தான். வந்தால் நல்லது. அது வந்தால்தான் தேறும் என்ற நிலையில் இருக்கும் மெஷினை வாங்காதீர்கள்.

இனி செல்வம் சொன்னதுக்கு வருகிறேன், அதுதான் இதில் பெரிய விஷயம். ஆர்டர் மூன்று வருஷம். நாலாம் வருஷத்திலிருந்து வேலை பாதியானால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் 6.5-ஐப் பாதியாக்கி 3.25 என்று போடுவார்கள். அது தவறு. 150 மணி நேரத்துக்கு வரவு 48,000. கரண்ட் 7,000 ஆகிவிடும், இன்சர்ட் வகை 4,000 ஆகிவிடும். ஆனால் ஆளுக்குக் கொடுக்கும் 20,000 அப்படியே நிற்கும். மீதி 17,000தான். வேலை பாதியானால் மீதி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வருஷத்துக்கு 2.04 லட்சம்.

முதல் மூன்று வருஷம் 6.5, பிறகு ஆறு வருஷம் 2.04 என்று போட்டுப் பாருங்கள். பில் பாக்கியைச் சேர்க்காமலேயே என்பிவி கழித்தல் 2.32 லட்சம். பேபேக் மூன்றே முக்காலிலிருந்து ஐந்து வருஷத்தைத் தாண்டிவிடும். அப்பாவின் மூன்று வருஷ விதி காரணமில்லாமல் வந்ததல்ல. உங்களிடம் எழுத்தில் இருக்கும் ஆர்டரின் நீளமும் அதே மூன்று வருஷம்தான்.

சூளகிரி_செல்வம்

பாத்தீங்களா. அதான் பழசு வாங்கச் சொன்னேன்.

அரூர்_எம்பிஏ

ஆனால் அண்ணா, பழசுக்கும் அதே ஆர்டர்தானே? மூன்று வருஷத்தில் வேலை குறைந்தால் பழசின் நாலாவது வருஷமும் அடிபடும். அதோடு, பாதியாகத்தான் குறையும் என்று நாம் ஏன் பிடிவாதமாகச் சொல்ல வேண்டும்? 200 மணி நேரம் இருந்தால்? 250 இருந்தால்?

காஸ்ட்ஷீட்_தருமபுரி

நல்ல கேள்வி. நாலாம் வருஷம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று நாம் யாரும் சொல்ல முடியாது. ஆகவே திருப்பிக் கேட்போம்: எத்தனை மணி நேரத்துக்குக் கீழே போனால் நஷ்டம்?

ஒரு மணி நேரம் ஓடினால் 320 ரூபாய் வரவு. அதில் கரண்டும் இன்சர்ட் வகையும் 73 ரூபாய். மீதி ஏறக்குறைய 247. மாதம் நிலையான செலவு 20,000. முதல் மூன்று வருஷம் 300 மணி நேரம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு மாதம் 180 மணி நேரம் வேலை இருந்தால், பில் பாக்கியைச் சேர்க்காமல், என்பிவி சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது. 180-க்கு மேல் இருந்தால் புது மெஷின் வாங்கியது லாபம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் என்பிவி பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனால் பர்கூர் அம்மாவின் வளையல் என்னை இன்னொரு கணக்குப் போட வைத்தது. 18 லட்சம், 11 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் இஎம்ஐ மாதம் 39,136 ரூபாய். அதைக் கட்டும் அளவுக்கு மீதி வர வேண்டும் என்றால் மாதம் 240 மணி நேரம் ஓட வேண்டும்.

ஆக 180 ஒரு கோடு, 240 இன்னொரு கோடு. நாலாம் வருஷம் உங்களுக்கு 210 மணி நேரம் கிடைக்கிறது என்று வையுங்கள். என்பிவி இது நல்ல மெஷின் என்கிறது, அது பொய்யல்ல. ஆனால் ஐந்தாம் தேதி வரும்போது மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் குறைகிறது. 150 மணி நேரம் என்றால் மாதம் 22,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும், அதுவும் கடன் முடியும்வரை இரண்டு வருஷம். என்பிவி மொத்த ஒன்பது வருஷத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. நடுவில் இரண்டு வருஷம் மூச்சு முட்டுவது அதற்குத் தெரியாது. பெரிய கம்பெனி என்றால் அந்த இரண்டு வருஷத்தை வேறு பிரிவின் பணத்தில் கடந்துவிடும். உங்களிடம் வேறு பிரிவு இல்லை.

தளிரோடு_லேத்

சார், அந்த இரண்டு கோட்டையும் எழுதிவைத்துக்கொண்டேன். எனக்கு இப்போதுதான் அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று புரிகிறது. 2020-ல் மூன்று மாதம் வேலையே இல்லாதபோது அப்போதிருந்த மெஷினின் இஎம்ஐயை அம்மாவின் நகையை வைத்துத்தான் சமாளித்தார். அதை அவர் கணக்காகச் சொல்லத் தெரியாமல் மூன்று வருஷம் என்று சொல்கிறார்.

கடனை ஏழு வருஷம் ஆக்கினால்?

காஸ்ட்ஷீட்_தருமபுரி

இஎம்ஐ 30,820 ஆகும். தேவையான மணி நேரம் 240-லிருந்து 206-க்கு இறங்கும். மொத்தமாகக் கூடுதலாகக் கட்டும் வட்டி 2.4 லட்சம். மெஷின் நல்லதா என்ற கணக்கில் இது பெரிதாக எதையும் மாற்றாது. ஆனால் அந்த 180-க்கும் 240-க்கும் நடுவில் இருக்கும் ஆபத்தான இடத்தைப் பாதிக்கு மேல் சுருக்கிவிடுகிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 2.4 லட்சத்தை மனதாரக் கொடுப்பேன். ஏழு வருஷத்துக்கு எல்லா வங்கியும் ஒத்துக்கொள்ளாது. தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

சூளகிரி_செல்வம்

நான் ஒண்ணு கேக்குறேன். எல்லாரும் மூணு வருஷத்துக்கு அப்புறமும் மெஷினை வச்சுக்கிட்டே உக்காந்திருப்போம்னு கணக்குப் போடுறீங்க. வேலை இல்லைன்னா எதுக்கு வச்சிருக்கணும்? வித்துடலாமே. மூணு வருஷம் ஓடின மெஷின், நல்லா பராமரிச்சு, ஸ்பிண்டில் சத்தமில்லாம இருந்தா இங்க ஓசூர்லயே 12, 13 லட்சத்துக்கு எடுத்துக்குவாங்க. நானே போன வருஷம் அப்படி ஒண்ணு வாங்கினேன். ஆனா நாலு வருஷம்தான் ஓடும்னு சொல்ற பழைய மெஷினை மூணு வருஷம் கழிச்சு யாரும் தொடமாட்டாங்க.

காஸ்ட்ஷீட்_தருமபுரி

செல்வம், இது நான் விட்டுவிட்ட இடம். நன்றி.

மூன்றாம் வருஷக் கடைசியில் 13 லட்சத்துக்கு விற்றால்: மூன்று வருஷ வரவின் இன்றைய மதிப்பு 15.09 லட்சம், 13 லட்சத்தின் இன்றைய மதிப்பு 8.77 லட்சம். கூட்டினால் 23.86. என்பிவி கழித்தல் 14,000 ரூபாய். வைத்துக்கொண்டு பாதி வேலைக்கு ஓட்டினால் 2.32 லட்சம் நஷ்டம் என்று பார்த்தோமே, அது ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் ஐந்து வருஷக் கடனில் பாக்கி 8.4 லட்சம் இருக்கும். 13 லட்சத்தில் அதை அடைத்தாலும் 4.6 லட்சம் கையில் நிற்கும். வங்கியில் அடமானம் இருப்பதால் அவர்கள் எழுத்துமூலம் சம்மதம் தந்த பிறகுதான் விற்க முடியும், அதை மறக்க வேண்டாம்.

ஆனால் 13 என்பது செல்வம் போன வருஷம் பார்த்த விலை. வேலை குறைவது இவர் கடையில் மட்டும் என்றால் அந்த விலை கிடைக்கும். ஓசூர் முழுக்க வேலை குறைந்தால் ஒரே மாதத்தில் இருபது பேர் மெஷினை விற்க வருவார்கள். அப்போது 9 கிடைத்தாலே பெரிது. 9-க்கு விற்றால் நஷ்டம் 2.8 லட்சம், பாதி வேலைக்கு வைத்திருப்பதைவிட மோசம்.

சூளகிரி_செல்வம்

அது உண்மை. வண்டி மார்க்கெட் படுத்தா எல்லாருக்கும் சேர்ந்துதான் படுக்கும். ஆனாலும் 9-க்குப் போகும்னு நான் ஒத்துக்கமாட்டேன். 11-க்குக் கீழ போகாது.

அரூர்_எம்பிஏ

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்த பாகம் நின்றாலும் வேறு பாகம் வராதா? புது மெஷினின் துல்லியத்துக்காகவே பழைய மெஷினுக்குக் கிடைக்காத வேலை கிடைக்கும். அதையும் மதிப்பில் சேர்க்க வேண்டும்.

காஸ்ட்ஷீட்_தருமபுரி

சேர்க்கலாம், எண் இருந்தால். எண் இல்லாமல் "நல்ல பெயர் வரும்", "புது வேலை வரும்" என்று எழுதித்தான் பல மெஷின்களை என் காலத்தில் வாங்க வைத்தார்கள். கேட்டவர் யார், எந்த பாகம், மாதம் எத்தனை என்று சொல்ல முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் அந்த வரியைக் காலியாக விடுங்கள்.

மாங்கூழ்_பர்கூர்

தம்பி, அந்தக் கம்பெனியிடமே கேட்டுப் பாருங்களேன். எங்களிடம் கூழ் வாங்குபவர் ஒருவரிடம், இத்தனை டன் எடுப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் டிரம்முக்கு விலை குறைக்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினார், ஆனால் கொடுத்தார்.

தளிரோடு_லேத்

நான்கு நாளாக இங்கே எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவிடம் என்பிவி என்ற வார்த்தையே எடுக்கவில்லை. நோட்டில் மூன்று எண்ணை எழுதி வைத்தேன்: 300, 240, 180. இப்போது மாதம் எத்தனை மணி நேரம் ஓடும், கடன் கட்ட எத்தனை வேண்டும், கடைசியில் நஷ்டமில்லாமல் இருக்க எத்தனை வேண்டும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த 240 ரொம்ப மேல இருக்கு, இதை இறக்க வழி இருக்கா பாரு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாங்கள் போகும் வங்கியில் ஆறு வருஷம் வரை தரலாம் என்கிறார்கள். ஏழுக்குத் தொழில் முதலீட்டுக் கழகத்தில் கேட்கப் போகிறேன். அப்பா இன்னொன்று சொன்னார். ராடில் இருக்கும் பணத்தை எடுக்காமல், பழைய லேத் ஒன்றை விற்று வரும் பணத்தை முன்பணத்தில் சேர்க்கலாமா என்று. அதன் விலை இன்னும் தெரியவில்லை.

பர்கூர் அக்கா சொன்னபடி கம்பெனியில் போய்ப் பேசினேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு எதுவும் எழுதித் தர முடியாது என்றுவிட்டார்கள். ஆனால் மணிக்கு 320-ஐ 310 ஆக்கினால் மூன்று வருஷமும் மாதம் குறைந்தது 280 மணி நேர வேலை என்று எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். இப்போது எழுத்தில் இருப்பது மூன்று வருஷம் என்பது மட்டும்தான், மணி நேரம் எதுவும் இல்லை. பத்து ரூபாய் குறைத்து இதை வாங்குவதா?

காஸ்ட்ஷீட்_தருமபுரி

280 மணி நேரம், 310 ரூபாய் என்றால் மீதி மாதம் 46,000-க்குச் சற்று மேலே. 54,000-ஐவிட ஏறக்குறைய 8,000 குறைவு, ஆனால் ஐந்து வருஷ இஎம்ஐயைக்கூடத் தாண்டி நிற்கிறது. அந்த ரேட்டிலேயே 300 மணி நேரம் ஓடினால் குறைவது 3,000தான். எழுத்தில் என்றால் எந்த எழுத்தில் என்று பாருங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் குறைந்தபட்ச அளவும், அதை எடுக்காவிட்டால் என்ன தருவார்கள் என்பதும் இருக்கிறதா? ஷெட்யூல் தாளில் எழுதினால் அது அடுத்த மாதமே மாறிவிடும்.

சூளகிரி_செல்வம்

பத்து ரூபா குறைக்காதீங்க தம்பி. ஒரு தடவை குறைச்சா பழைய பாகத்துக்கும் அதே ரேட் கேப்பாங்க.

தளிரோடு_லேத்

அதையேதான் அப்பாவும் சொல்கிறார் அண்ணா. வியாழக்கிழமை திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். புது பாகத்துக்கு மட்டும் 310, பழைய பாகத்தின் ரேட்டைத் தொடக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.